ஒரு சதவீத வரியும் ஒரு தையல் கடையும்

மே மாதம் பிறந்துவிட்டால் பொள்ளாச்சி மாதிரி ஊர்களில் யூனிஃபார்ம் தைக்கும் கடைகளுக்கு இரவு பகல் தெரியாது. கட்டிங் மாஸ்டர் அடுக்கடுக்காகத் துணியை வெட்டித் தள்ள, மெஷின்கள் நள்ளிரவு வரை ஓடும். ஜூனில் பள்ளி திறந்ததும் வாசலில் கூட்டம். அந்தக் கூட்டம் வடிந்து மூச்சு விடும் நேரத்தில்தான் வரிக் கணக்கு நினைவுக்கு வரும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கு ஜூலை 18 கடைசி நாள்.

அப்படி ஒரு கடையை, கணக்கு புரிவதற்காக, இந்தக் கட்டுரை முழுக்க எடுத்துக்கொள்வோம். கடைக்காரரும் அவருடைய வரவு செலவுத் தொகைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. சட்டமும் விகிதங்களும் தேதிகளும் நடைமுறையில் உள்ளவை.

இந்த டைலர் தொழில் தொடங்கிய காலத்தில் ஜிஎஸ்டி அவரைத் தொடவே இல்லை. பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். தையல் கூலியும் வாங்குகிறவர் என்றால் அவர் சேவையும் தருகிறார் என்று பொருள். அவருக்கு எல்லை 20 லட்சம். தெருமுனையில் இரண்டு மெஷின் போட்டுத் தைப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பேச்சே தேவைப்படாது. நம் டைலருக்கு இரண்டு பள்ளிகளின் யூனிஃபார்ம் வேலை கிடைத்தது, வியாபாரம் வளர்ந்தது, பதிவு செய்ய வேண்டிய கட்டம் வந்தது.

பதிவு செய்யும்போதே ஒரு கேள்வி வரும். முழு முறையில் போவதா, காம்போசிஷன் திட்டத்தில் போவதா?

முழு முறை என்றால் ஒவ்வொரு விற்பனைக்கும் டேக்ஸ் இன்வாய்ஸ் போட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரியை வசூலித்து, அதிலிருந்து தான் துணி வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்ட வேண்டும். வாங்கிய பில், விற்ற பில் இரண்டும் பொருந்தியாக வேண்டும். காம்போசிஷனில் இந்த வேலை இல்லை. மூன்று மாதத்தில் மொத்தம் எவ்வளவு விற்றது என்ற ஒரே எண் போதும். அதில் 1 சதவீதத்தை CMP-08 என்ற படிவத்தில் காட்டிக் கட்டிவிடலாம். ஆண்டு முடிந்ததும் GSTR-4 என்ற ஒரு கணக்கு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது உற்பத்தியாளருக்கு இந்த விகிதம் 2 சதவீதமாக இருந்தது. 2018 ஜனவரியில் பாதியானது. திட்டத்தில் சேர்வதற்கான விற்பனை உச்சவரம்பும் படிப்படியாக உயர்ந்து, 2019 ஏப்ரல் முதல் ஒன்றரைக் கோடி ரூபாயில் நிற்கிறது.

நம் டைலரின் 2024-25 விற்பனை 60 லட்சம். அதில் 56 லட்சம், அவரே துணி வாங்கித் தைத்து விற்ற யூனிஃபார்ம். மீதி 4 லட்சம், வாடிக்கையாளர் கொண்டுவந்த துணியைத் தைத்துக் கொடுத்த கூலி. 30 லட்சத்துக்குத் துணி வாங்கியிருக்கிறார். அதற்கு 5 சதவீத வரியாக ஒன்றரை லட்சம் கட்டியிருக்கிறார்.

காம்போசிஷனில் அவர் அரசுக்குக் கட்டியது 60,000 ரூபாய். துணிக்குக் கட்டிய ஒன்றரை லட்சத்தைத் திரும்பப் பெற முடியாது, அது செலவோடு செலவாகிவிடும். ஆக மொத்தச் சுமை 2,10,000. இதையே முழு முறையில் செய்திருந்தால்? யூனிஃபார்ம் வாங்க வரும் பெற்றோர் வரி சேர்த்த விலையைத்தான் பார்ப்பார்கள். 650 ரூபாய் சட்டைக்கு வரி தனி என்று சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் அந்த 60 லட்சத்துக்குள்ளேயே 5 சதவீத வரி அடங்கியிருக்க வேண்டும். அது சுமார் 2,86,000 ரூபாய். துணிக்குக் கட்டிய ஒன்றரை லட்சத்தை இதில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், வியாபாரத்திலிருந்து வரியாக வெளியே போகும் மொத்தத் தொகை 2,86,000தான். காம்போசிஷனில் ஆண்டுக்குச் சுமார் 76,000 ரூபாய் மிச்சம்.

எனவே அவர் எடுத்தது சரியான முடிவு. சோம்பலால் எடுத்த முடிவு என்று யாரும் சொல்ல முடியாது. கடை வாசலுக்கு வந்து, வாங்கியதைத் தானே பயன்படுத்துகிற வாடிக்கையாளர்தான் அவருடைய வாடிக்கையாளர் என்கிற வரை, இந்தக் கணக்கில் அவருக்கு நஷ்டமே இல்லை.

பதிலுக்கு அவர் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகள் சில. கடையின் பெயர்ப் பலகையில் 'காம்போசிஷன் டேக்ஸபிள் பர்சன்' என்று எழுத வேண்டும். தான் கொடுக்கும் ரசீது டேக்ஸ் இன்வாய்ஸ் ஆகாது, அதற்குப் பெயர் பில் ஆஃப் சப்ளை. அதன் தலைப்பில், இந்த விற்பனைக்கு வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகம் அச்சாகியிருக்க வேண்டும். அச்சடித்து வந்த பில் புத்தகத்தில் அந்த வரியை அவரும் பார்த்தார். அதன் முழுப் பொருளும் அவருக்குப் பிடிபட்டது கோயம்புத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தபோதுதான்.

அந்த வியாபாரி பல பள்ளிகளுக்கு யூனிஃபார்ம் வாங்கி விற்பவர். தையலைப் பார்த்தார், காலர் மடிப்பைத் திருப்பிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. பத்து லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் தருவதாகச் சொன்னார். பேச்சு முடியும் இடத்தில், "ஜிஎஸ்டி பில் குடுத்துருவீங்கல்ல?" என்று கேட்டார்.

கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஆர்டரின் தலைவிதியே அதில்தான் இருக்கிறது. அந்த வியாபாரி முழு முறையில் இருப்பவர். இன்னொரு முழு முறைத் தையல் யூனிட்டிடம் பத்து லட்சத்துக்கு வாங்கினால், 50,000 வரி சேர்த்துக் கொடுப்பார். அந்த 50,000ஐத் தன் வரியில் கழித்துக்கொள்வார். அவருக்கு அடக்கம் பத்து லட்சம். விற்ற யூனிட்டும் துணிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும். யார் கையிலும் வரி தங்காது.

நம் டைலரிடம் வாங்கினால் நிலைமை வேறு. பில்லில் வரி என்ற வரிசையே கிடையாது, கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் வரி இல்லாமல் போய்விடவும் இல்லை. பத்து லட்சத்து ஆர்டருக்கு ஐந்து லட்சத்துக்குத் துணி வேண்டும். அதற்கு டைலர் கட்டும் 25,000 திரும்ப வராது. விற்பனை மேல் 1 சதவீதம் 10,000. ஆக 35,000 ரூபாய் எங்கோ ஒளிந்திருக்கிறது. வழக்கமான லாபம் வேண்டுமானால் அவர் பத்து லட்சத்து முப்பத்தைந்தாயிரம் கேட்க வேண்டும். கேட்டால் ஆர்டர் போட்டியாளருக்குப் போய்விடும். பத்து லட்சத்துக்கே கொடுத்தால் அந்த 35,000 அவர் கையை விட்டுப் போகும்.

இங்கேதான் பல கடைகள் தடுமாறுகின்றன. "பில்லில் 5 சதவீதம் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார் வாங்குபவர். அப்படிச் செய்யவே கூடாது. காம்போசிஷனில் இருப்பவர் வாங்குபவரிடம் வரி வசூலிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வரி என்று சொல்லி வாங்கிய பணத்தை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். வாங்கியவருக்கும் அந்தப் பில்லால் பயனில்லை: காம்போசிஷன்காரர் விற்பனையை பில்வாரியாகப் பதிவேற்றுவதில்லை என்பதால், வாங்கியவரின் போர்ட்டலில் அது வரியாக வந்து சேராது. இரண்டு பக்கமும் நோட்டீஸுக்கு வழி வைக்கும் காகிதம் அது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆர்டர் பெரிது என்பது மட்டும் பிரச்சினை ஆகாது. பள்ளியே நேரடியாக வாங்கியிருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. பள்ளிக் கல்விக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், பள்ளிக்கூடத்துக்குக் கழித்துக்கொள்ள வரியே இல்லை. அது பில் ஆஃப் சப்ளையை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். வாங்குபவர் வாங்கிய வரியைக் கழிப்பவரா என்பதுதான் இங்கே விஷயம்.

டைலர் 35,000 ரூபாயைத் தாங்கிக்கொண்டு அந்த ஆர்டரை எடுத்தார். பெரிய இடத்தின் பழக்கம் கிடைக்கும் என்ற எண்ணம்.

அடுத்த தடை மேற்கிலிருந்து வந்தது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு ஒரு மணி நேரப் பயணம். அங்கே ஒரு பள்ளி யூனிஃபார்ம் கேட்டது. பள்ளி என்பதால் பில் பிரச்சினை இல்லை என்று டைலர் மகிழ்ந்துபோனார். அவருடைய கணக்கைப் பார்க்கும் வரி ஆலோசகர் பெண் அவசரமாகத் தடுத்தார்.

"அண்ணா, அங்க ஒரு பார்சல் அனுப்புனாலும் காம்போசிஷன் போயிருங்க. வெளி மாநிலத்துக்குப் பொருள் விக்கக் கூடாதுங்க."

"ராஜஸ்தான்ல பில்வாராவுல இருந்து துணி வாங்கறனே மேடம், அப்ப அதுவும் தப்புங்களா?"

"வாங்கறதுக்குத் தடை இல்லீங்கண்ணா. விக்கறதுக்குத்தான்."

அவர் சொன்னது சரி. வெளி மாநிலத்துக் கொள்முதலுக்குத் தடையில்லை; வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றால் தகுதி போய்விடும். தொகை சிறியதா பெரியதா என்ற பேதம் கிடையாது. வலையில் விற்பதையும் இதே விதிதான் முடக்குகிறது. ஆன்லைன் விற்பனைத் தளங்கள் வழியாகப் பொருள் விற்கக் காம்போசிஷன்காரர்களுக்கு முன்பு அனுமதியே இல்லை. 2023 அக்டோபர் முதல் அனுமதி வந்தது, ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். சென்னையில் இருப்பவருக்குச் சட்டை அனுப்பலாம், பெங்களூருக்குக் கூடாது. எல்லை ஓரத்து ஊர்களான பொள்ளாச்சி, ஓசூர், களியக்காவிளை போன்ற இடங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி மிகவும் கடுமையானது. அவர்களுடைய இயல்பான சந்தையில் ஒரு பாதி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

விதியைக் கவனிக்காமல் அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? தகுதி போன நாளிலிருந்து அவர் முழு முறைக்கு வந்துவிட்டார் என்றே கணக்கு. ஏழு நாளுக்குள் CMP-04 படிவம் தாக்கல் செய்து தானாகவே வெளியேற வேண்டும். செய்யாமல் இருந்து அதிகாரிகள் கண்டுபிடித்தால், CMP-05 நோட்டீஸ் வரும். பதில் சொல்ல 15 நாள். பதில் ஏற்கப்படவில்லை என்றால் இடைப்பட்ட விற்பனை முழுவதற்கும் முழு விகித வரி, வட்டி, அபராதம். அத்தனை மாதமும் சட்டை வாங்கிப்போன பெற்றோர்களைத் தேடிப்போய் அந்த வரியைக் கேட்க முடியாது. கைக்காசுதான்.

பாலக்காட்டு ஆர்டரை அவர் விட்டுவிட்டார்.

மூன்றாவது எல்லை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்தது அல்ல, அவருடைய தொழிலுக்குள்ளேயே இருந்தது. தையல் கடைகளுக்கு இதைப் போல ஆபத்தான விதி வேறில்லை என்பேன். காரணம், அது மீறப்படுவது கண்ணுக்கே தெரியாது.

தையல்காரர் தன் துணியில் சட்டை தைத்து விற்றால் அது பொருள். வாடிக்கையாளரின் துணியைத் தைத்துக் கொடுத்தால் அது சேவை. அடுத்தவருடைய பொருளின் மேல் செய்யும் எந்த வேலையும் சேவை என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. கத்தரியும் மெஷினும் கையும் ஒன்றுதான். துணி யாருடையது என்பதை வைத்து வரியின் பாதை பிரிந்துவிடுகிறது. திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளிடம் வெட்டிய துணியை வாங்கிக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்களும் இந்தக் கணக்கில் சேவை செய்பவைதான்.

ஒரு சதவீதக் காம்போசிஷன் பொருள் விற்பவருக்கானது. அவர் கொஞ்சம் சேவையும் செய்துகொள்ளலாம் என்று 2019 பிப்ரவரியில் தளர்வு தந்தார்கள்: முந்தைய ஆண்டு விற்பனையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 5 லட்சம், இதில் எது அதிகமோ அது வரை. நம் டைலருக்கு முந்தைய ஆண்டு விற்பனை 60 லட்சம் என்பதால் 2025-26இல் அவருடைய எல்லை 6 லட்சம். முந்தைய ஆண்டுக் கூலி 4 லட்சம்தான் என்பதால் அவர் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அந்த ஆண்டு அவர் ஆரி வேலை தெரிந்த இரண்டு பெண்களைச் சேர்த்திருந்தார். கல்யாண ப்ளவுஸ்கள் குவிந்தன. ப்ளவுஸ் துணி எப்போதும் புடவையோடு வரும், அதாவது வாடிக்கையாளருடையது. ஒரு ப்ளவுஸுக்குச் சாதாரணத் தையல் கூலி சில நூறு என்றால் ஆரி வேலையோடு சேர்ந்து பல ஆயிரம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஆலோசகர் பெண் பில் புத்தகங்களைப் பிரித்துக் கூட்டினார். யூனிஃபார்ம் ஒரு பக்கம், கூலி ஒரு பக்கம். கூலி ஏற்கெனவே 5,70,000. தை பிறந்தால் முகூர்த்தங்கள். ஜனவரி முடிவதற்குள் எல்லை உடைந்துவிடும்.

அவர் அன்று அப்படிப் பிரித்துப் பார்த்தது தற்செயல். விற்பனை மொத்தத்தை மட்டும் சொன்னால் போதும் என்ற எளிமைதான் காம்போசிஷனின் கவர்ச்சி. அந்த எளிமையே கூலி எவ்வளவு, விற்பனை எவ்வளவு என்று மாதாமாதம் பார்க்கும் பழக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பில் புத்தகத்தில் 'துணி: கடை / வாடிக்கையாளர்' என்று ஒரு கட்டம் அச்சடித்து, மாதக் கடைசியில் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி வைத்தால், எல்லை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது எப்போதும் தெரியும்.

சேவை செய்பவர்களுக்கென்று தனியாக ஒரு எளிய திட்டமும் இருக்கிறதே, அதில் சேரலாமே என்று டைலர் கேட்டார். இருக்கிறது. அதற்கு உச்சவரம்பு 50 லட்சம், அவர் அதைத் தாண்டியவர். தாண்டாதவராக இருந்தாலும் அது ஒரு தையல்காரருக்கு விசித்திரமான கணக்கு. அந்தத் திட்டத்தில் வரி 6 சதவீதம். அதுவும் கூலிக்கு மட்டும் அல்ல, பொருள் விற்பனையும் சேர்ந்த மொத்தத்தின் மேல், அவர் கையிலிருந்து. முழு முறையில் இருப்பவருக்கோ தையல் சேவையின் வரி 5 சதவீதம்தான். 18 சதவீதமாக இருந்ததை 2018 ஜனவரியில் 5 ஆகக் குறைத்தார்கள். அந்த 5ஐ வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்ளலாம், நூலுக்கும் பட்டனுக்கும் கட்டிய வரியைக் கழித்தும் கொள்ளலாம். எளிய வழியில் போகிறவர் கூடுதலாகக் கட்டுகிற நிலை. மற்ற பல சேவைகளுக்கு முழு விகிதம் 18 என்பதால் அங்கே 6 என்பது சலுகை. தையலுக்கு அப்படி இல்லை.

ஆகவே பேச்சு ஒரே கேள்விக்கு வந்து நின்றது. முழு முறைக்குப் போனால் எவ்வளவு போகும், எவ்வளவு வரும்?

ஆலோசகர் ஒரு லட்ச ரூபாய் விற்பனையை வைத்துக் கணக்குப் போட்டார். துணி பாதி விலை. பெற்றோருக்கு விற்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் முழு முறையில் சுமார் 1,260 ரூபாய் கூடுதலாகப் போகும். வியாபாரிகளுக்கு விற்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 3,500 ரூபாய் மிச்சமாகும். இரண்டும் சமமாகும் இடம், மொத்த விற்பனையில் கால் பங்குக்குச் சற்று மேல் வியாபாரிகளுக்குப் போகும்போது. அவருடைய அளவில் அது ஏறத்தாழ 16 லட்சம். கோயம்புத்தூர்க்காரரின் ஆர்டர் பத்து லட்சம். இந்தக் கணக்கு மட்டும் என்றால் காம்போசிஷனிலேயே இருப்பதுதான் இன்னும் லாபம். ஆனால் அதற்காக ஆரி வேலையை ஜனவரியில் நிறுத்த வேண்டும், பாலக்காட்டை மறக்க வேண்டும்.

மறுபக்கம் ஒரு இழப்பையும் ஆலோசகர் மறைக்கவில்லை. கல்யாணத்துக்கு அவர் தன் துணியில் தைத்துத் தரும் கோட் சூட் 8,000 ரூபாய். காம்போசிஷனில் அதற்கு வரி 80 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு முழு விகிதம் 18 சதவீதம். விலையை ஏற்றாமல் விற்றால் அதே சூட்டில் 1,220 ரூபாய் வரியாகப் போகும். விலை உயர்ந்த ஆடைகளைக் கடைசி வாடிக்கையாளருக்கே விற்பவருக்குக் காம்போசிஷனைப் போல லாபம் வேறெதிலும் இல்லை என்பதும் உண்மைதான்.

டைலர் வெளியேறத் தீர்மானித்தார். எல்லை உடையும் வரை காத்திராமல், ஜனவரி 1ஐத் தேதியாகக் குறித்து டிசம்பரிலேயே CMP-04 போட்டாயிற்று. காலாண்டு முடிவோடு பொருந்துவதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு சதவீதக் கணக்கு, அதன் பின் முழுக் கணக்கு என்று சிக்கல் இல்லாமல் பிரிந்தது. மீண்டும் காம்போசிஷனுக்கு வர நினைத்தால் ஒரு நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பே CMP-02 போட வேண்டும். நடுவில் வர முடியாது.

டிசம்பர் 31 இரவு கடையில் இருந்த சரக்கைக் கணக்கெடுத்தார்கள். இதைத் தவறவிட்டால் பணம் போகும். முழு முறைக்கு மாறுகிறவர், முந்தைய நாள் கையிருப்பில் உள்ள துணிக்கும், பாதி தைத்ததற்கும், தைத்து வைத்ததற்கும் உள்ளே அடங்கிய வரியை ITC-01 படிவம் வழியாகக் கேட்டுப் பெறலாம். முப்பது நாள் அவகாசம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பில்லுக்குக் கிடைக்காது. மெஷின்களுக்கும் உண்டு, வாங்கிய நாளிலிருந்து காலாண்டுக்கு 5 சதவீதம் குறைத்துக்கொண்டு.

கையிருப்பில் ஐந்து லட்சத்துக்குத் துணி இருந்தது. நான்கு லட்சத்துக்கான பில்களில் அவருடைய ஜிஎஸ்டி எண் இருந்தது: 20,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. மீதி ஒரு லட்சத்துத் துணிக்கு, எப்படியும் கழிக்க முடியாதே என்று எண்ணைக் கொடுக்காமல் வாங்கியிருந்தார். அதில் 5,000 ரூபாய் போயிற்று. காம்போசிஷனில் இருக்கும் எவரும், இன்றைக்குப் பயனில்லை என்று தோன்றினாலும், கொள்முதல் பில்லில் தன் எண்ணைப் போட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது.

பொங்கலுக்கு முன் புது பில் புத்தகம் வந்தது. கடைப் பலகையில் இருந்த காம்போசிஷன் வாசகத்தைப் பெயின்டர் அழித்தார். விலைப் பட்டியலில் பெற்றோருக்கான சட்டை விலை 650ஆகவே இருக்கட்டும் என்று டைலர் முடிவு செய்தார். அதில் முன்பு ஆறரை ரூபாய் வரியாகப் போனது. இனி 31 ரூபாய் கட்ட வேண்டும், துணிக்குக் கொடுத்த வரியை அதில் கழிக்கலாம். கோட் சூட்டுக்கு மட்டும் விலையை ஏற்றினார். கோயம்புத்தூர் வியாபாரிக்கு அடுத்த சீசன் கொட்டேஷன் எழுதும்போது பத்து லட்சம் என்று போட்டு, அதன் கீழே முதல் முறையாக வரி தனி என்று எழுதினார். பாலக்காட்டுப் பள்ளிக்கு ஜூன் சீசன் ஆர்டர்கள் முடிவாவதற்குள் மாதிரிச் சட்டைகள் போய்ச் சேர வேண்டும் என்பதால், அளவு பட்டியலைக் கேட்டு அன்றைக்கே போன் செய்தார்.